டாடா ஸ்டீலின் பெக் 0.01, ஹிந்துஸ்தான் யூனிலீவரின் பெக் 5: இந்த ஒப்பீட்டில் என்ன கோளாறு?

2022 மார்ச் கடைசியில் டாடா ஸ்டீல் பங்கு சுமார் 1,307 ரூபாய். ஒரு பங்கைப் பத்தாகப் பிரித்தது அந்த வருடம் ஜூலையில்தான், அதனால் இது பழைய கணக்கு விலை. 2021-22 நிதியாண்டில் ஒரு பங்குக்கு வந்த லாபம் 330 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பங்கு விலையை இந்த லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ., இங்கே 4. லாபமோ முந்தைய வருடம் 8,190 கோடியாக இருந்தது 41,749 கோடியாக ஏறியிருந்தது, அதாவது வளர்ச்சி 410 சதவீதம். 4ஐ 410ஆல் வகுத்தால் பெக் 0.01.

அதே நாளில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் சுமார் 2,048 ரூபாய், பங்குக்கான லாபம் 37.50 ரூபாய் வட்டாரம், பி.இ. கிட்டத்தட்ட 55. லாப வளர்ச்சி 11 சதவீதம். பெக் 5.

பெக் என்பது இவ்வளவுதான்: பி.இ.யை எடுத்து, வருடாந்திர லாப வளர்ச்சி சதவீதத்தால் வகு. 1969இல் மாரியோ ஃபரினா இதை முன்வைத்தார், ஊரறியச் செய்தவர் அமெரிக்க ஃபண்ட் மேலாளர் பீட்டர் லிஞ்ச். 1 என்றால் நியாயமான விலை, அதற்குக் கீழே மலிவு, 2க்கு மேல் போனால் யோசி என்பது புழக்கத்தில் உள்ள விதி. அந்த விதிப்படி பார்த்தால் டாடா ஸ்டீல், யூனிலீவரைவிட 500 மடங்கு மலிவு. 500 மடங்கு! அலகு ஏதோ தவறாகப் போட்டுவிட்டோமோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும். அலகு சரிதான், கணக்கும் சரிதான். ஆனால் இந்த எண் சொல்லும் கதையில் கிட்டத்தட்ட எதுவும் சரியில்லை, அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

410 சதவீதம் எங்கிருந்து வந்தது

வளர்ச்சி என்றதும் நம் மனதில் வருவது என்ன? கம்பெனி அதிகம் விற்கிறது, புதிய ஆலை வருகிறது, புதிய வாடிக்கையாளர் வருகிறார். டாடா ஸ்டீல் 2020-21இல் ஐரோப்பா உட்பட மொத்தமாக விற்றது சுமார் 2.85 கோடி டன். 2021-22இல் 2.95 கோடி டன். அதாவது 3, 4 சதவீதம் அதிகம், அவ்வளவுதான். லாபம் ஐந்து மடங்கு ஆன வருடத்தில் இரும்பின் அளவு கிட்டத்தட்ட அசையவே இல்லை.

அசைந்தது விலை. கொரோனா முடக்கம் தளர்ந்ததும் உலகம் முழுக்க அரசாங்கங்கள் பணத்தைக் கொட்டின, தேவை திடீரென்று எழுந்தது, 2021இன் இரண்டாம் பாதியில் சீனா தன் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் ஹாட் ரோல்டு காயில் என்னும் எஃகுத் தகட்டுச் சுருள் டன்னுக்கு 70,000 ரூபாயைத் தாண்டியது. இரும்புத்தாது சொந்தச் சுரங்கத்திலிருந்து வரும் கம்பெனிக்கு இது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டியதில்லை, விற்கும் விலை ஏறுகிறது, தாதுவின் செலவு அதே வேகத்தில் ஏறுவதில்லை.

வட்டி, தேய்மானம், வரி எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தை, எபிட்டா என்று சொல்வோமே அதை, விற்ற டன்னால் வகுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2020-21இல் டன்னுக்கு 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. 2021-22இல் சுமார் 21,600. ஆக, டன்னுக்குக் கிடைத்தது இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. அப்புறம் நிகர லாபம் மட்டும் எப்படி ஐந்து மடங்கு ஆனது? தேய்மானமும் வட்டியும் சேர்ந்து இந்தக் கம்பெனிக்கு வருடம் 14,000 முதல் 17,000 கோடி வரை போகிறது, அது இரும்பு விலை ஏறினாலும் இறங்கினாலும் கூடவே ஏறி இறங்குவதில்லை. எபிட்டா 31,000 கோடியாக இருக்கும்போது அந்தச் செலவு அதில் பாதியை விழுங்கும். எபிட்டா 63,800 கோடியாக ஆகும்போது கால்வாசிக்கும் குறைவுதான். மீதி எல்லாம் வரிக்கும் பங்குதாரருக்கும். இரண்டு மடங்கு இப்படித்தான் ஐந்து மடங்காகப் பெருகுகிறது, அதே இயந்திரம் இறங்கும்போதும் அதே வேகத்தில் வேலை செய்யும்.

பெக் சூத்திரத்தில் வகுக்கும் இடத்தில் இருக்கும் வளர்ச்சி, ஒரு வருடம் நடந்த சம்பவத்தைக் குறிக்கவில்லை, இனிமேலும் தொடரப் போகும் ஓட்டத்தைக் குறிக்கிறது. 410 சதவீதம் இன்னும் ஒரு வருடம் தொடர்ந்தால் லாபம் 2 லட்சம் கோடியைத் தாண்ட வேண்டும். அப்படி யாரும் நம்பவில்லை, சந்தையும் நம்பவில்லை, அதனால்தான் பி.இ. 4இல் நின்றது. பெக் செய்தது என்னவென்றால், சந்தை நம்ப மறுத்த அதே எண்ணை எடுத்து, சந்தை அதை நம்பாததால் குறைந்து கிடந்த பி.இ.யை அதாலேயே வகுத்தது. ஒரே காரணம் இரண்டு பக்கமும் எண்ணைக் கீழே இழுக்கிறது. பொருளின் விலையோடு லாபமும் மாறி மாறி ஏறி இறங்கும் சுழற்சித் தொழில்களில் பெக் இப்படி அபத்தமான அளவுக்குச் சிறிதாவது இதனால்தான், அது மலிவைக் காட்டுவதில்லை, உச்சத்தை நெருங்கியிருக்கலாம் என்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது.

அடுத்த இரண்டு வருடம்

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்ததும் இரும்பு உருக்கத் தேவையான ஆஸ்திரேலிய கோக்கிங் கரி மார்ச்சில் டன்னுக்கு 600 டாலருக்கு மேல் போனது, அதை இந்திய ஆலைகள் பெருமளவு இறக்குமதிதான் செய்கின்றன. மே 3ஆம் தேதி டாடா ஸ்டீல் அந்த ஆண்டின் ரிசல்ட்டை அறிவித்தது, சரித்திரத்திலேயே அதிக லாபம். மே 21ஆம் தேதி மத்திய அரசு பல இரும்புப் பொருட்களின் ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டது. அடுத்த வர்த்தக நாளில் பங்கு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த வரியை நவம்பரில் நீக்கிவிட்டார்கள் என்றாலும் அதற்குள் வருடத்தின் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

2022-23 ரிசல்ட்தான் இந்தக் கேஸில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. விற்பனை வருவாய் 2,43,959 கோடியிலிருந்து 2,43,353 கோடி, அதாவது மாற்றமே இல்லை என்று சொல்லலாம். விற்ற டன்னும் 2.88 கோடி, பெரிய வித்தியாசம் இல்லை. எபிட்டா 63,800 கோடியிலிருந்து 32,700 கோடி. நிகர லாபம் 41,749 கோடியிலிருந்து 8,075 கோடி. டன்னுக்கு எபிட்டா திரும்பவும் 11,400 ரூபாய் வட்டாரத்துக்கு வந்துவிட்டது, அதாவது ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே. 2023-24இல் பிரிட்டனில் போர்ட் டால்பட் ஆலையின் ஊது உலைகளை மூடும் முடிவு, அதற்கான எழுதித்தள்ளல் எல்லாம் சேர்ந்து மொத்தக் கணக்கில் 4,900 கோடிக்கு மேல் நஷ்டம். அங்கே பெக்கைக் கணக்கிடவே முடியாது.

வளர்ச்சியை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று வருடமாக எடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். எடுத்துப் பார்க்கலாம். 2018-19இல் லாபம் சுமார் 9,100 கோடி, 2019-20இல் 1,172 கோடி. 2018-19லிருந்து 2021-22 வரை மூன்று வருடக் கூட்டு வளர்ச்சி வருடத்துக்கு 66 சதவீதம், பெக் 0.06. ஒரு வருடம் தள்ளி 2019-20லிருந்து இரண்டு வருடம் எடுத்தால் வளர்ச்சி வருடத்துக்கு 500 சதவீதத்தைத் தொடுகிறது, பெக் 0.01க்கும் கீழே. தொடங்கும் வருடத்தை ஒரு படி நகர்த்தினால் விடை ஏழெட்டு மடங்கு மாறுகிறது என்றால் நாம் அளப்பது கம்பெனியை இல்லை, தொடங்கும் வருடம் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை. பங்கு வடிகட்டித் தளங்களில் பெக் என்று ஒரு நெடுவரிசை இருக்கும், அதற்குப் பின்னால் எந்த வளர்ச்சி என்பது ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, சிலது கடந்த மூன்று வருடம், சிலது ஐந்து, சிலது அனலிஸ்ட்கள் கணித்த வருங்கால வளர்ச்சி. அதைத் தேடிப் பார்க்காமல் இரண்டு தளத்தின் எண்களைப் பக்கத்தில் வைப்பதில் பயனே இல்லை.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் இதே பங்கு 270 ரூபாய். அந்த வருட லாபம் 87 சதவீதம் சரிந்திருந்தது, பி.இ. 20க்கு மேல், வளர்ச்சி மைனஸ். மைனஸ் எண்ணால் வகுத்தால் வரும் பெக்குக்கு அர்த்தமே இல்லை, பெரும்பாலான தளங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விடும். பெக் 1க்குக் கீழ் என்று வடிகட்டி வைத்திருப்பவரின் பட்டியலில் டாடா ஸ்டீல் அன்று வந்தே இருக்காது. இரண்டு வருடத்தில் 270 ரூபாய் 1,307 ஆனது. வாங்க வேண்டிய நேரத்தில் பட்டியலில் இல்லை, லாபம் உச்சத்தில் இருந்தபோது பட்டியலின் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

அப்படியென்றால் பெக் 0.01ஐ நம்பி வாங்கியவர் மொத்தமாக அழிந்திருப்பாரா? இல்லை, இங்கேதான் நேர்மையாக இருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்து, 2023 மார்ச்சில், டாடா ஸ்டீல் பிரிப்புக்குப் பிந்தைய விலையில் 104 ரூபாய், பழைய கணக்கில் 1,040, அதாவது 20 சதவீதம் நஷ்டம். யூனிலீவர் சுமார் 2,560, 25 சதவீதம் லாபம். பார், பெக் ஏமாற்றிவிட்டது என்று அங்கேயே கட்டுரையை முடித்துவிடலாம், பல பேர் அப்படித்தான் முடிப்பார்கள். ஆனால் இன்னும் ஒரு வருடம் நகர்த்தினால், 2024 மார்ச் கடைசியில், டாடா ஸ்டீல் 156 ரூபாய்க்குப் பக்கம், யூனிலீவர் 2,264 வட்டாரம். இரண்டு வருடக் கணக்கில் டாடா ஸ்டீல் 19 சதவீதம் மேலே, யூனிலீவர் 10 சதவீதம் மேலே, டிவிடெண்டைச் சேர்த்தால் டாடா ஸ்டீலின் முன்னிலை இன்னும் கொஞ்சம் கூடும். லாபம் 41,749 கோடியிலிருந்து நஷ்டத்துக்குப் போன கம்பெனி, லாபம் நிதானமாகக் கூடிக்கொண்டே போன கம்பெனியைவிடப் பங்கு விலையில் முன்னால். காரணம் எளிது: 1,307 ரூபாய் விலையில் 41,749 கோடி லாபம் ஒருபோதும் ஏறியிருக்கவில்லை. சந்தை நடுத்தரமான ஒரு வருடத்துக்கான விலையைத்தான் கொடுத்திருந்தது. 2018-19 முதல் 2021-22 வரையான நான்கு வருட லாபத்தைச் சராசரி எடுத்தால் 15,000 கோடி, அந்த நாளின் சந்தை மதிப்பு சுமார் 1.6 லட்சம் கோடி, ஆக சராசரி லாபத்தின் மேல் பி.இ. பத்தரை. இது மலிவும் இல்லை, அநியாய விலையும் இல்லை. 500 மடங்கு வித்தியாசம் என்று பெக் சொன்ன இடத்தில் உண்மையில் இருந்தது சாதாரணமான, வாதிடக்கூடிய ஒரு வித்தியாசம்தான். இதில் கம்பெனியின் கடன் வேறு இருக்கிறது, நிகரக் கடன் 50,000 கோடிக்கு மேல், அதை பி.இ.யும் பார்ப்பதில்லை, பெக்கும் பார்ப்பதில்லை.

யூனிலீவர் பக்கம்

பெக் 5 என்பதை மட்டும் பார்த்துவிட்டு யூனிலீவரை ஒதுக்குவதிலும் ஒரு தவறு இருக்கிறது, ஆனால் அது வேறு வகை. 2021-22இல் அந்தக் கம்பெனி பங்குக்கு 37.50 ரூபாய் சம்பாதித்து 34 ரூபாயை டிவிடெண்டாகக் கொடுத்தது. லாபத்தில் 90 சதவீதத்தை வெளியே கொடுத்துவிட்டும் 11 சதவீதம் வளர்கிறது. (அந்த வருட வளர்ச்சியிலும் சோப்பு விலையை ஏற்றியதன் பங்கு பெரியது, விற்ற அளவு கூடியது கொஞ்சம்தான். பாமாயில் விலை ஏறியதால் வந்த ஏற்றம் அது. வளர்ச்சி அளவிலிருந்து வந்ததா விலையிலிருந்து வந்ததா என்ற கேள்வியிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை.)

பெக்குக்கு இந்த 90 சதவீதம் தெரியாது. ஏன் தெரிய வேண்டும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். இரண்டு கம்பெனி, இரண்டுக்கும் லாபம் 100 கோடி, பி.இ. 20, வளர்ச்சி 10 சதவீதம், ஆக இரண்டின் பெக்கும் 2. முதல் கம்பெனி தொழிலில் போடும் ஒவ்வொரு 100 ரூபாயும் வருடம் 50 ரூபாய் லாபம் தருகிறது. லாபத்தை 10 கோடி கூட்ட அதற்கு 20 கோடி முதலீடு போதும், மீதி 80 கோடியைப் பங்குதாரருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவது கம்பெனி போடும் 100 ரூபாய் 12.50 ரூபாய்தான் தருகிறது. அதே 10 கோடியைக் கூட்ட 80 கோடி உள்ளே போட வேண்டும், கையில் கொடுக்க மிஞ்சுவது 20 கோடி. 2,000 கோடி சந்தை மதிப்பில் முதலாவது வருடம் 4 சதவீதம் ரொக்கமாகத் தருகிறது, இரண்டாவது 1 சதவீதம். இருபது வருடம் வைத்திருப்பவருக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை, ஆனால் பெக் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது.

இதைச் சரிசெய்ய வகுக்கும் இடத்தில் வளர்ச்சியோடு டிவிடெண்ட் சதவீதத்தையும் கூட்டிக்கொள்ளலாம், லிஞ்ச் அப்படித்தான் பார்த்தார். நம் கணக்கில் முதல் கம்பெனிக்கு 20ஐ 14ஆல் வகுத்து 1.4, இரண்டாவதுக்கு 20ஐ 11ஆல் வகுத்து 1.8. பரவாயில்லை, வித்தியாசம் தெரிகிறது. ஆனால் யூனிலீவர் மாதிரி பி.இ. 55இல் இருக்கும் பங்குக்கு இந்தத் திருத்தம் பெரிதாக உதவாது, 34 ரூபாய் டிவிடெண்ட் 2,048 ரூபாய் விலையில் 1.7 சதவீதம்தான், திருத்திய பெக் 4.3 வருகிறது. அதாவது விலை அதிகம் என்று பெக் சொன்னதில் உண்மை இருந்தது, எவ்வளவு அதிகம் என்பதில்தான் கோளாறு. தரமான தொழில் என்பது எந்த விலைக்கும் அனுமதிச் சீட்டு இல்லை என்பதை 2022 மார்ச்சிலிருந்து அடுத்த இரண்டு வருடம் காட்டிவிட்டது.

வளர்ச்சி எத்தனை வருடம் நீடிக்கும் என்ற கேள்வி

சுழற்சித் தொழிலும் இல்லை, முதலீட்டுத் தேவையிலும் வித்தியாசம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சூத்திரத்துக்குள் ஒரு ஓட்டை உண்டு, இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. பி.இ. 10, வளர்ச்சி 10 சதவீதம் உள்ள ஒரு பங்கு. பி.இ. 20, வளர்ச்சி 20 சதவீதம் உள்ள இன்னொன்று. இரண்டுக்கும் பெக் 1, சமமான பேரம் என்கிறது விதி.

எந்த வளர்ச்சியும் ஒரு நாள் அடங்கும், அடங்கியதும் இரண்டுக்கும் ஒரே பி.இ.தான் கிடைக்கும், அது 15 என்று வைப்போம். ஐந்து வருடத்தில் வளர்ச்சி அடங்கினால், முதல் பங்கின் லாபம் 1.61 மடங்காகியிருக்கும், பி.இ. 10லிருந்து 15க்கு ஏறும், நம் பணம் 2.4 மடங்கு. இரண்டாவதன் லாபம் 2.49 மடங்காகியிருக்கும், ஆனால் பி.இ. 20லிருந்து 15க்கு இறங்கும், பணம் 1.9 மடங்குதான். பத்து வருடம் நீடித்தால் கதை திரும்புகிறது: முதலாவது 3.9 மடங்கு, இரண்டாவது 4.6. இரண்டும் சமமாவது எட்டாவது வருடத்தில். கடைசியில் கிடைக்கும் பி.இ. 15ஆக இல்லாமல் 12ஆகவோ 18ஆகவோ இருந்தாலும் இந்த எட்டு மாறாது, இரண்டு பக்கமும் அதே எண்ணால் பெருக்குவதால் அது அடிபட்டுப் போகிறது.

ஆக, பெக் 1 உள்ள வேக வளர்ச்சிப் பங்கை, பெக் 1 உள்ள மெதுவளர்ச்சிப் பங்குக்குச் சமம் என்று ஒத்துக்கொள்ளும்போது, இந்தக் கணக்கில் 20 சதவீத வளர்ச்சி எட்டு வருடம் இடைவிடாமல் ஓடும் என்று நாம் சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். எட்டு வருடம் தொடர்ந்து 20 சதவீதம் வளர்ந்த கம்பெனிகள் இந்தியாவில் இல்லாமல் இல்லை, ஆனால் முன்கூட்டியே அவற்றைக் கண்டுபிடிப்பது வேறு விஷயம். பெக் கணக்கிடும்போது கையில் இருப்பதோ இரண்டு மூன்று வருட அனலிஸ்ட் கணிப்புதான்.

இந்த எண்ணை நான் ஓரளவு பயன்படுத்தும் இடம், ஒரே தொழிலில், ஒரே மாதிரி கடனும் முதலீட்டு வருவாயும் உள்ள கம்பெனிகளுக்குள், வளர்ச்சி ஏறக்குறைய 10க்கும் 25க்கும் இடையில் இருக்கும்போது, அதுவும் மூன்று வருடமாவது லாபம் ஒரு முறைகூடச் சரியாமல் இருந்தால். இரண்டு தனியார் வங்கி, இரண்டு பெயிண்ட் கம்பெனி, இந்த மாதிரி. அப்போதும் ஆண்டறிக்கையில் விற்பனை அளவு எவ்வளவு கூடியது என்பதை முதலில் பார்ப்பேன். இரும்பில் அது டன், சிமெண்டில் டன், வாகனத்தில் வண்டி எண்ணிக்கை, பெரும்பாலான கம்பெனிகள் ரிசல்ட்டோடு வரும் முதலீட்டாளர் விளக்கத்தில் இரண்டாவது மூன்றாவது பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அளவு 3 சதவீதம், லாபம் 410 சதவீதம் என்று இருந்தால் பெக் நெடுவரிசையை மூடிவிட்டு, பத்து வருட லாப விகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இந்த வருடம் அதில் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். டாடா ஸ்டீலுக்கு 2021-22இல் எபிட்டா விற்பனையில் 26 சதவீதம், அடுத்த வருடம் 13.